கண்ணாடி உடைந்ததா?

1974-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் மாணவர்கள் 45 பேருக்குச் சில கார் விபத்துப் படங்களைப் போட்டுக் காட்டினார்கள். படம் முடிந்ததும் எல்லாரிடமும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: கார்கள் எவ்வளவு வேகத்தில் வந்தன? ஒரேயொரு வினைச்சொல்லை மட்டும் ஆளுக்கு ஆள் மாற்றினார்கள். 'நொறுங்க மோதிக்கொண்டபோது' என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேலே சொன்னார்கள். 'இடித்துக்கொண்டபோது' என்ற சொல்லுக்கு 34 மைல் வந்தது. 'தொட்டுக்கொண்டபோது' என்று மென்மையாகக் கேட்டதும் 32-க்கு இறங்கிவிட்டது.

இதில் பெரிய அதிசயம் இல்லை என்று சொல்லலாம். ஓடும் வண்டியின் வேகத்தைக் கண்ணால் அளப்பது யாருக்குமே கடினம். தெரியாத எண்ணைச் சொல்லும்போது, கேட்டவரின் தொனியைப் பார்த்துக் கூட்டியோ குறைத்தோ சொல்லியிருப்பார்கள். லாஃப்டஸுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அதைத் தீர்க்கத்தான் இரண்டாவது சோதனை.

இந்த முறை 150 மாணவர்கள். ஒரு நிமிடத்துக்கும் குறைவான படம். விபத்து நடப்பது அதில் வெறும் 4 விநாடிதான். 50 பேரிடம் 'நொறுங்க மோதிக்கொண்டபோது' என்றும், 50 பேரிடம் 'இடித்துக்கொண்டபோது' என்றும் வேகத்தைக் கேட்டார்கள். மீதி 50 பேரிடம் வேகத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒரு வாரம் கழித்துத் திரும்ப வரவழைத்தார்கள். படத்தை மறுபடி காட்டவில்லை. பல கேள்விகளுக்கு நடுவே இதையும் சொருகியிருந்தார்கள்: உடைந்த கண்ணாடி எதையாவது பார்த்தீர்களா?

படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. ஆனால் 'நொறுங்க' என்ற சொல்லைக் கேட்டவர்களில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். 'இடித்து' என்று கேட்டவர்களில் 7 பேர். ஒன்றுமே கேட்கப்படாதவர்களில் 6 பேர். அந்தக் கடைசி 6 பேரையும் கவனிக்க வேண்டும். யாரும் தூண்டாமலேயே சிலர் இல்லாததைப் பார்ப்பார்கள். இன்னொன்று, 'நொறுங்க' என்று கேட்ட 50 பேரில் 34 பேர் ஏமாறவில்லை. கேள்வி எல்லாருடைய நினைவையும் மாற்றிவிடுவதில்லை. ஆனால் மாறியவர் யார், மாறாதவர் யார் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. பொய் சொல்கிறவருக்குத் தான் சொல்வது பொய் என்று தெரியும். இவர்களுக்கு அதுகூடத் தெரியாது.

அடுத்த ஆண்டு வெளியான இன்னொரு சோதனை இதைவிட நுட்பமானது. ஒரு வெள்ளை ஸ்போர்ட்ஸ் கார் கிராமத்துச் சாலையில் போகும் படம். 'தானியக் கொட்டகையைத் தாண்டும்போது கார் என்ன வேகம்?' என்று பாதிப் பேரிடம் கேட்டார்கள். கொட்டகை எதுவும் படத்தில் கிடையாது. ஒரு வாரம் கழித்து, அவர்களில் 17 சதவீதம் பேர் கொட்டகையைப் பார்த்ததாகச் சொன்னார்கள். கொட்டகைப் பேச்சில்லாமல் கேட்கப்பட்ட மறுபாதியில் 3 சதவீதம்கூட இல்லை. கேள்வி வேகத்தைப் பற்றியது என்பதால் கவனமெல்லாம் அங்கே போய்விடுகிறது. கொட்டகை சந்தடியில்லாமல் உள்ளே நுழைந்துவிடுகிறது. 'கொட்டகை இருந்ததா?' என்று நேராகக் கேட்டிருந்தால் கொஞ்சமாவது யோசித்திருப்பார்கள்.

பழைய நினைவு உண்மையிலேயே அழிகிறதா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. மெக்லாஸ்கியும் சரகோசாவும் 1985-இல் இதை மறுத்தார்கள். பலருக்கு அந்த விவரம் முதலிலேயே மனதில் பதிந்திருக்காது, காலியாக இருந்த இடத்தில் பிறகு கேட்டது போய் உட்கார்ந்துகொள்கிறது என்பது அவர்கள் வாதம். அறிவியலுக்கு இந்த வித்தியாசம் முக்கியம். குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

நம் சட்டத்துக்கு இந்த ஆபத்து தெரியாததல்ல. எதிர்பார்க்கும் விடையைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் கேள்வியை வக்கீல்கள் 'லீடிங் கொஸ்டின்' என்பார்கள். தன் தரப்புச் சாட்சியை முதல் விசாரணை செய்யும்போது, எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால், நீதிமன்றத்தின் அனுமதியில்லாமல் அப்படிக் கேட்கக் கூடாது என்று 1872-இன் சாட்சியச் சட்டமே சொன்னது. இப்போதைய பாரதிய சாட்சிய அதினியமும் அதையே சொல்கிறது. குறுக்கு விசாரணையில் மட்டும் தாராளமாகக் கேட்கலாம்.

ஆனால் சாட்சி கூண்டேறுவதற்கு வெகுநாள் முன்பே காவல் நிலையத்தில் பேசியிருப்பார். 'நீலச் சட்டைக்காரன் எந்தப் பக்கம் ஓடினான்?' என்று ஒரு ஏட்டு கேட்டிருந்தால், சட்டையின் நிறம் அப்போதே தீர்மானமாகிவிட்டது. எழுதப்படும் வாக்குமூலத்தில் பெரும்பாலும் கேள்வி இருக்காது. 'நீலச் சட்டை அணிந்த நபர் கிழக்கே ஓடினார்' என்று சாட்சி தானாகச் சொன்னதுபோலவே இருக்கும். நீலத்தை முதலில் சொன்னது யார் என்று பிறகு கண்டுபிடிக்க வழியில்லை.

ஃபிஷரும் கைசல்மனும் 1980-களில் உருவாக்கிய விசாரணை முறை இந்த இடத்தில்தான் கைவைக்கிறது. சாட்சியை முதலில் அந்த இடத்தையும் நேரத்தையும் மனதுக்குள் கொண்டுவரச் சொல்வார்கள். 'நடந்ததை உங்கள் போக்கில் சொல்லுங்கள், சின்ன விஷயம் என்று எதையும் விட்டுவிடாதீர்கள்' என்று சொல்லிவிட்டு, குறுக்கே பேசாமல் கேட்பார்கள். அவர் சட்டையைப் பற்றிப் பேசினால்தான் சட்டையைப் பற்றிக் கேள்வி. அதுவும் 'என்ன சட்டை?' என்றுதான். 'தெரியவில்லை' என்றால் அதையும் அப்படியே எழுதிக்கொள்வார்கள்.