முகத்திற் காணும் சொரசொரப்பான பொருக்குகள்: வெயிலும் தோற்புற்றும்

பல்லாண்டுகள் திறந்த வெளியில் உழைத்து முதுமையை எட்டியவர்களின் நெற்றி, கன்னமேடு, மூக்குத்தண்டு, காதுமடல் ஆகிய இடங்களிற் சிறு சிறு பொருக்குகள் தோன்றுவதுண்டு. அவை பெரும்பாலும் வலிப்பதில்லை. சிலருக்குச் சற்றே அரிக்கலாம், அல்லது வியர்வை படும்போது எரியலாம். நகத்தாற் கிள்ளினால் உதிர்ந்துவிடும். ஆயினும் சில வாரங்களில் அதே இடத்தில் மீண்டும் தோன்றும். மருத்துவர்கள் இதனை ‘ஆக்டினிக் கெரட்டோசிஸ்’ என்பர். கிரேக்க மொழியில் முதற்சொல்லின் வேர் கதிரையும், இரண்டாவதன் வேர் கொம்பையும் குறிக்கும். கதிர் பட்டதனால் தோல் கொம்புபோல் இறுகுதல் என்பது பொருள். இக்கட்டுரையில் இது ‘வெயிற்பொருக்கு’ எனக் குறிக்கப்படுகிறது.

இப்பொருக்கு புற்றுநோய் அன்று; ஆனால் அதில் ஒரு சிறு பகுதி புற்றாக மாறக்கூடும். எந்தப் பொருக்கைப் பொறுத்திருந்து பார்க்கலாம், எதனை உடனே மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும் என்பதைப் பிரித்தறிவதே களப்பணியாளரின் கடமையாகும்.

யாருக்கு வருகிறது

மாலுமிகளின் தோலில் வெயிலும் காற்றும் விளைவிக்கும் மாற்றங்களையும், அவற்றினின்று புற்று எழுவதையும் ஜெர்மானிய மருத்துவரான உன்னா 1894-ஆம் ஆண்டில் விவரித்தார். இன்று இந்நோய் மிகுந்து காணப்படுவது ஆஸ்திரேலியாவில் வாழும் வெண்ணிறத் தோலினரிடத்தே ஆகும். இந்தியரிற் பெரும்பாலோர்க்கு இது அரிது. தோலில் உள்ள மெலனின் என்னும் கருநிறப் பொருள், சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்களை மேற்பரப்பிலேயே உறிஞ்சிவிடுவதுதான் இதற்குக் காரணம்.

எனினும் இரு பிரிவினர் விதிவிலக்காவர். முதலாவது, பிறவியிலேயே நிறப்பொருள் குன்றிய வெண்தோலர். அவர்களுக்கு வெயிற்பொருக்கு இளமையிலேயே தோன்றக்கூடும். இரண்டாவது, இமயமலைப் பகுதிகளில் வெளிறிய தோலுடன் உயர்ந்த இடங்களில் வாழ்ந்து உழைப்பவர்கள். கடல்மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்திற்கும் புறஊதாக் கதிர்களின் வலிமை ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. புதிதாய்ப் பெய்த பனி, தன்மீது விழும் அக்கதிர்களில் 80 விழுக்காடுவரை திருப்பி வீசக்கூடும். ஆகவே அங்கு மேலிருந்து மட்டுமன்றிக் கீழிருந்தும் முகம் தாக்கப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, இமாசலப் பிரதேசத்தின் கின்னோர் மாவட்டத்தில், 2,700 மீட்டர் உயரத்தில் உள்ள ஆப்பிள் தோட்டமொன்றில் நாற்பது ஆண்டுகள் உழைத்த 64 வயதுத் தொழிலாளி ஒருவரைக் கருதலாம். அவர் வெளிறிய தோலினர்; தலையில் அணிவது அம்மலைநாட்டு வட்டக் குல்லாய். அக்குல்லாய் குளிரைத் தடுக்கும். ஆனால் அதற்கு முன்விளிம்பு இல்லையாதலால் மூக்கிற்கும் காதுகளுக்கும் நிழல் தராது. அவர் முகத்தில் பத்துப் பொருக்குகள் இருப்பதாகக் கொள்வோம்.

தோலினுள் நிகழ்வது

மேற்றோலின் அடி அடுக்கில் உள்ள உயிரணுக்கள் இடைவிடாது பிரிந்து பெருகி, மேலே தள்ளப்பட்டு, இறுதியிற் காய்ந்த செதிளாய் உதிர்கின்றன. புறஊதாக் கதிர் இவ்வுயிரணுக்களின் மரபுப்பொருளைச் சிதைக்கிறது. சிதைவிற் பெரும்பகுதியை உயிரணு தானே செப்பனிட்டுக்கொள்ளும். செப்பனிட இயலாதபடி கெட்ட உயிரணு மடிந்துவிடவேண்டும் என்பது உடலின் ஒழுங்கு. அவ்வொழுங்கைக் காக்கும் மரபணுக்களில் பி-53 என்பது முதன்மையானது. அம்மரபணுவே கதிராற் பழுதுபட்டால், மடியவேண்டிய உயிரணு மடியாமற் பெருகத் தொடங்கும். இவ்வாறு பெருகியவை ஒழுங்கின்றிச் செதிள்களை உண்டாக்குகின்றன, அதுவே வெயிற்பொருக்கு.

பழுதுற்ற உயிரணுக்கள் மேற்றோலுக்குள் அடங்கியிருக்கும் வரையில் அது பொருக்கே. மேற்றோலையும் அதற்குக் கீழுள்ள தோலையும் பிரிக்கும் அடிச்சவ்வைத் துளைத்துக்கொண்டு அவை கீழே இறங்கிவிட்டால், அது செதிள் அணுப் புற்று எனப்படும். அச்சவ்வைக் கடத்தலே இரண்டிற்கும் உள்ள எல்லை. மேலே தெரியும் செதிளின் பருமனை மட்டுங்கொண்டு அவ்வெல்லை கடக்கப்பட்டதா எனச் சொல்ல இயலாது.

கண்ணினும் விரல் முந்தும்

தொடக்கநிலைப் பொருக்கைக் கண்ணாற் காண்பது கடினம். விரல்நுனியால் தடவினால் உப்புத்தாளைத் தொட்டாற்போல் உறுத்தும். ஆகவே முகத்தைக் கழுவித் துடைத்த பின், பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழுமாறு அமரவைத்து, நெற்றி முதல் மோவாய் வரை விரல்நுனியால் முறையாகத் தடவிப் பார்த்தல் வேண்டும். வழுக்கைத் தலை, காதுமடலின் மேல்விளிம்பு, கீழுதடு, புறங்கை ஆகியவற்றையும் விடலாகாது. பொருக்குகள் பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அகலமே இருக்கும். நிறம் செம்மையாகவோ பழுப்பாகவோ தோலின் நிறமாகவோ அமையலாம். மோவாயின் அடிப்பகுதி போன்ற நிழல்பட்ட இடங்களில் இவை தோன்றாமை, வெயிலே காரணம் என்பதற்கு நல்ல சான்றாகும்.

இங்கு நிகழும் பொதுவான பிழை, இதனைப் படை என்றோ கரப்பான் என்றோ கருதி மாதக்கணக்கிற் களிம்பு பூசுதல். ஸ்டீராய்டு கலந்த களிம்பினாற் சிவப்பு மங்கும். நோய் தணிந்ததுபோல் தோன்றும். ஆனால் உறுத்தும் பொருக்கு அங்கேயே இருக்கும். நான்கு வாரச் சிகிச்சைக்குப் பின்னும் அதே இடத்தில் நிலைத்து நிற்கும் பொருக்கைத் தோல் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

ஆபத்தின் அளவு

ஆஸ்திரேலியாவில் நடந்து 1988-இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றின்படி, ஒரு தனிப் பொருக்கு ஓராண்டிற்குள் புற்றாக மாறும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களிடையே நடந்து 2009-இல் வெளிவந்த ஆய்வில், இது ஓராண்டில் ஆயிரத்திற்கு 6 ஆகவும், நான்காண்டுகளில் ஆயிரத்திற்கு 26 ஆகவும் இருந்தது. பின்னவர்கள் முன்னரே தோற்புற்றுக்கு ஆளானவர்கள். ஆதலால் அவர்களுடைய ஆபத்து மிகுதி. அதே ஆய்வில் பொருக்குகளிற் பாதிக்கு மேற்பட்டவை ஓராண்டிற்குப் பின் காணப்படவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

இவ்வெண்களை நம் தொழிலாளிக்குப் பொருத்திப் பார்க்கலாம். பத்துப் பொருக்குகளில் ஏதேனும் ஒன்று ஓராண்டில் மாறும் வாய்ப்பு, முதற் கணக்கின்படி நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. இரண்டாவதன்படி நூற்றில் ஏறத்தாழ ஆறு. சில மறைந்தாலும் புதியவை தோன்றுமாதலால், பொருக்குகளின் தொகை குறையாதவரை இவ்வாய்ப்பு ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகும். ஒரு பொருக்கைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. பல பொருக்குகள் உள்ள முகத்தைப் பல்லாண்டுகள் கவனியாது விடுதலே தீங்கு என்பது இதனால் விளங்கும். இக்கணக்குகள் வெண்ணிறத் தோலினரிடமிருந்து பெறப்பட்டவை. இந்தியரிடத்து அப்படியே பொருந்தும் எனக் கொள்ளலாகாது.

உடனே அனுப்பவேண்டியவை

எந்தப் பொருக்கு எல்லை கடந்தது என்பதைச் சில குறிகள் உணர்த்தும். பொருக்கைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே மெல்லப் பிடித்துப் பார்க்கவேண்டும். உறுத்தல் மேற்பரப்பில் மட்டும் இருந்தால் அது பொருக்கு. அடியிற் கட்டிபோல் உறுதியாக ஏதேனும் தட்டுப்பட்டால் ஐயத்திற்குரியது. அழுத்தும்போது வலித்தல், காரணமின்றிக் குருதி கசிதல், ஆறாத புண், சில வாரங்களுக்குள் விரைந்து வளர்தல், ஒரு சென்டிமீட்டருக்கு மேல் விரிதல் ஆகியனவும் அத்தகையவை. கீழுதட்டிலும் காதிலும் தோன்றும் மாற்றங்களைத் தனியே கருதவேண்டும். ஏனெனில் அவ்விடங்களில் எழும் புற்று, கழுத்தின் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவும் இயல்பு மற்ற இடங்களைவிட மிகுதி.

நம் தொழிலாளியின் பத்துப் பொருக்குகளில் ஒன்பது மெல்லியவை என்றும், இடக்காதின் விளிம்பில் உள்ள பத்தாவது இரண்டு மாதங்களில் பருத்து, தலையணையில் அழுந்தும்போது வலிப்பதாகவும் கொண்டால், பத்தாவதற்காகவே அவரை அவ்வாரமே மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும். அங்குச் சிறு துண்டு தோலெடுத்து நுண்ணோக்கியிற் பார்த்தால்தான் முடிவு தெரியும். எடுக்கும் துண்டு மேற்செதிளோடு நின்றுவிடாமல் அடிவரை செல்லவேண்டும். இன்றேல் புற்று இருந்தும் இல்லையெனத் தவறான விடை கிடைக்கும். புற்றெனத் தெரிந்தால் அறுவை மருத்துவமே முதன்மையானது; தொடக்கத்தில் அகற்றினாற் பெரும்பாலோர் முற்றும் குணமடைகின்றனர்.

பொருக்கிற்குரிய சிகிச்சை

ஒன்றிரண்டு பொருக்குகளை, சுழிக்குக் கீழ் 196 பாகை செல்சியசில் உள்ள திரவ நைட்ரஜனைச் சில விநாடிகள் பீச்சி உறையச் செய்து நீக்கலாம். பழுப்புத் தோலில் இது வெண்தழும்பை விட்டுச் செல்லக்கூடும் என்பதை முன்னரே சொல்லவேண்டும். பல பொருக்குகள் நெருங்கியிருந்தால், 5 விழுக்காடு ஃப்ளோரோயுராசில் களிம்பை அப்பகுதி முழுவதிலும் நாளொன்றுக்கு இருமுறையாகச் சில வாரங்கள் பூசுவர். நெதர்லாந்தில் நான்கு முறைகளை ஒப்பிட்டு 2019-இல் வெளியான ஆய்வில், இக்களிம்பே ஏனையவற்றைவிட மேலான பலன் தந்தது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. இரண்டாம் வாரத்தில் தோல் சிவந்து, எரிந்து, பொருக்குக் கட்டும். மருந்து ஒவ்வவில்லை என எண்ணிப் பலர் அப்போதே நிறுத்திவிடுகின்றனர். அச்சிவப்பு மருந்து வேலைசெய்வதன் அடையாளம். நிறுத்துவதா தொடர்வதா என்பதை மருத்துவரைக் கேட்டே முடிவு செய்யவேண்டும். வீட்டிற் காரம் வைத்துச் சுடுதல் முற்றிலும் தவறு. மேலே தழும்பு மூடிக்கொள்ள, அடியில் எஞ்சிய புற்று கண்ணுக்குத் தெரியாமல் வளரக்கூடும்.

முதுமையிலும் தடுப்பு பயன்தரும்

நாற்பது ஆண்டுகள் வெயிற்பட்ட பின் காப்பு எதற்கு என்னும் கேள்வி இயல்பாக எழும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், நாற்பது வயதைக் கடந்த 588 பேரிடம் 1991-92 கோடைகாலத்தில் நடந்த சோதனை இதற்கு விடை தருகிறது. வெயில் தடுக்கும் களிம்பைப் பூசியவர்களிடம் பொருக்குகளின் சராசரி எண்ணிக்கை குறைந்தது. மருந்தில்லாக் களிம்பைப் பூசியவர்களிடம் சராசரியாக ஒன்று கூடியது. புதிய கதிர்த் தாக்குதல் நின்றால், பழுதுற்ற தோலும் ஓரளவு தன்னைச் சீர்செய்துகொள்ளும் என்பதை இது காட்டுகிறது.

ஆகவே அத்தொழிலாளிக்கு முதலில் வேண்டுவது, சுற்றிலும் ஏழரைச் சென்டிமீட்டர் அகல விளிம்புள்ள தொப்பி. களிம்பு கிடைத்தால் முகத்திற்கும் கழுத்திற்கும் ஒரு தேக்கரண்டி அளவு பூசி, இரண்டு மணிக்கொரு முறை புதுப்பிக்கவேண்டும். களப்பணியாளர் தம் குறிப்பேட்டில் முகத்தின் படமொன்றை வரைந்து, பொருக்கு ஒவ்வொன்றின் இடத்தையும் மில்லிமீட்டர் அளவையும் தேதியுடன் குறித்துவைத்தல் நன்று. ஆறு திங்களுக்குப் பின் அதே முகத்தை மீண்டும் தடவிப் பார்க்கும்போது, எது மறைந்தது, எது புதியது, எது பருத்தது என்பதை அப்படமே காட்டிக்கொடுக்கும்.