வீட்டை விற்கும்போது பழைய கடன் தீர்ந்ததா? சிலிபின் வாசிகள் சரிபார்க்க வேண்டிய தாள்கள்

ஈப்போ: சிலிபின், புந்தோங் வட்டாரத்தில் கடன் இன்னும் முடியாத வீடுகள் கைமாறுவது புதிதல்ல. விற்பவரின் பழைய கடனை வாங்குபவரின் வங்கியே கட்டிவிடும் என்பதால், "வக்கீல் பார்த்துக்கொள்வார்" என்று பலர் இருந்துவிடுகிறார்கள். வக்கீல் பார்ப்பார்தான். ஆனால் அந்தப் பணம் எந்தக் கணக்கில், எந்தத் தேதியில் விழுந்தது என்பதை விற்பவரும் பார்க்க வேண்டும். ஏனென்றால் கடன் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முதல் தாள் 'ரிடெம்ஷன் ஸ்டேட்மெண்ட்'. விற்பவரின் வங்கி, "இந்தத் தேதிக்குள் இவ்வளவு கட்டினால் கடன் தீர்ந்தது" என்று எழுதித் தரும் கடிதம் அது. தீர்வுத் தொகை, கடிதம் செல்லுபடியாகும் கடைசி நாள், அதற்குப் பிறகு நாளொன்றுக்குச் சேரும் வட்டி ஆகிய மூன்றையும் அதில் பார்க்க வேண்டும். பணம் வந்ததும் கிராண்டையும் கையெழுத்திட்ட 16என் பாரத்தையும் அனுப்பிவைப்பதாக வங்கி தரும் உறுதிமொழியும் அதோடு இருக்கும். பதிவு நடக்காமல் போனால் பணத்தைத் திருப்பித் தருவதாகவும் அது சொல்லும். வாங்குபவரின் வங்கி இந்த உறுதிமொழியை நம்பித்தான் பணத்தை விடுகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வீட்டு விலை 3,20,000 ரிங்கிட். வாங்குபவர் 10 விழுக்காடு முன்பணம் கட்டிவிட்டார். மீதி 2,88,000 ரிங்கிட்டை அவர் வங்கி கடனாகத் தருகிறது. விற்பவரின் தீர்வுத் தொகை ஜூன் 30 வரைக்கும் 1,42,380 ரிங்கிட், அதன்பின் நாளொன்றுக்கு 16.38 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். பணம் ஜூலை 8-ஆம் தேதிதான் போய்ச் சேருகிறது. எட்டு நாள் வட்டி 131.04 ரிங்கிட். யாராவது பழைய கடிதத்தைப் பார்த்து 1,42,380 மட்டும் அனுப்பியிருந்தால் அந்த 131 ரிங்கிட் குறைகிறது. இவ்வளவு சின்னத் தொகைக்காக வங்கி கிராண்டை நிறுத்தி வைக்குமா என்று கேட்கலாம். நிறுத்தி வைக்கும். கணக்கு பூஜ்யம் ஆகாதவரை 16என் பாரம் வெளியே வராது.

அதனால் பணம் போகும் வாரத்தில் விற்பவர் தன் வங்கியிடம் அன்றைய தொகையைக் கேட்டு, வக்கீலிடம் தெரிவிப்பது நல்லது. குறையை ஈடுகட்டும் பொறுப்பு விற்பவருடையது. முன்கூட்டிக் கடனை முடிப்பதற்கு அபராதம் உண்டா, அது தொகையில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் அதே சமயம் கேட்டுவிடலாம். இதே வீட்டை அடமானமாக வைத்து ஓவர்டிராஃப்ட் எடுத்திருந்தால் அதையும் தீர்க்க வேண்டிவரும். வீட்டுக் கடன் மட்டும் தீர்ந்தால் போதாது.

பணம் அனுப்பும் உத்தரவின் நகலையும் வக்கீலிடம் கேட்கலாம். பெறுபவராக விற்பவரின் வங்கியின் பெயரும், கடன் கணக்கு எண்ணும் ரிடெம்ஷன் கடிதத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். எண் ஒன்று மாறினால் பணம் வேறொரு கணக்கில் உட்கார்ந்துகொள்ளும். தீர்வுத் தொகை நேரே வங்கிக்குப் போவதுதான் முறை; விற்பவர் கைக்கு வந்து போவதல்ல. மேலே சொன்ன கணக்கில் மிஞ்சும் 1,45,488.96 ரிங்கிட், பதிவுக்கான தாள்கள் நில அலுவலகத்தில் சமர்ப்பிக்கப்பட்ட பிறகு, ஒப்பந்தத்தில் குறித்த ஏற்பாட்டின்படி வக்கீல் வழியாக விற்பவருக்கு வரும்.

அதுவரை மாதத் தவணையை நிறுத்திவிடக் கூடாது. இன்னும் எத்தனை நாள் ஆகும் என்று தெரியாத நிலையில் தவணையை நிறுத்துபவர்கள் நிலுவையில் மாட்டிக்கொள்கிறார்கள். தீர்ந்த பிறகும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகத் தவணை பிடிக்கப்பட்டால், அதைத் திரும்பக் கேட்டு வாங்க வேண்டும்.

நில அலுவலகத்தில் மூன்று தாள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவாகின்றன. முதலில் பழைய அடமானத்தை நீக்கும் 16என், பிறகு பெயர் மாற்றும் 14ஏ, கடைசியாகப் புது வங்கியின் அடமானமான 16ஏ. தனிக் கிராண்ட் இன்னும் வெளிவராத அடுக்குமாடி வீடாக இருந்தால் 16என் இராது. அதற்குப் பதில் வங்கி உரிமையைத் திருப்பித் தரும் மறுஒப்படைப்புப் பத்திரம் வரும். எந்த வகை வீடு என்பதை வக்கீலிடம் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

பதிவு முடிந்ததும் வாங்கியவர் நில அலுவலகத்தில் 'சாரியான் பெர்செண்டிரியான்' எடுத்துப் பார்க்கலாம். பழைய வங்கியின் பெயர் போய், தன் பெயரும் தன் வங்கியின் அடமானமும் அதில் இருக்க வேண்டும். விற்றவர் வைத்துக்கொள்ள வேண்டியது வங்கி தரும் முழுத் தீர்வுக் கடிதம். ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்து பேங்க் நெகாராவின் சி.சி.ஆர்.ஐ.எஸ் அறிக்கையை எடுத்துப் பார்க்கும்போது, அந்தக் கடன் நிலுவையாகத் தெரிந்தால் அந்தக் கடிதத்துடன் வங்கிக் கிளைக்குப் போய்த் திருத்தச் சொல்லலாம். கடனோடு எடுத்த எம்.ஆர்.டி.ஏ காப்புறுதியில் ஏதாவது திரும்பக் கிடைக்குமா என்று அதே பயணத்தில் கேட்டுவிடலாம்.