தாழ்ந்த மேலிமையும் மறைக்கப்படும் பார்வையும்

கண்ணைத் திறந்து நேரே நோக்கும்போது மேலிமையின் விளிம்பு கருவிழியின் மேற்பகுதியை ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு மறைத்து நிற்பது இயல்பு. அதற்கும் கீழே இமை தாழ்ந்து நிற்குமாயின் அதனை இமைத்தொய்வு என்பர். மருத்துவர்கள் டோசிஸ் என்று வழங்குவர். சில குழந்தைகளிடம் இது பிறவியிலேயே காணப்படும். முதுமையில் மெல்ல மெல்லத் தோன்றுவதும் உண்டு. பெற்றோர் பலர் இதனை முக அழகைப் பற்றிய குறையாகவே கருதி, வளர்ந்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகின்றனர். சில குழந்தைகளுக்கு அவ்வாறு காத்திருப்பதால் தீங்கில்லை. வேறு சிலருக்கோ அக்காத்திருப்பே ஒரு கண்ணின் பார்வையை நிலையாகக் குறைத்துவிடும். இவ்விரு வகையினரையும் பிரித்தறிவது எவ்வாறு என்பதை இங்குக் காண்போம்.

இமை உயரும் விதம்

மேலிமையைத் தூக்கும் தசை கண்குழியின் பின்கோடியில் தொடங்கி, விழிக்கோளத்தின் மேலாக முன்னோக்கி வருகிறது. இமையை நெருங்கியதும் அது மெல்லிய நார்த்தகடாக மாறி, இமைக்கு உறுதி தரும் இமைத்தட்டுடனும் இமைத்தோலுடனும் இணைகிறது. கண்ணைத் திறக்கும்போது மேலிமையில் தோன்றும் மடிப்பு, இத்தகடு தோலைப் பற்றியிழுப்பதால் உண்டாவதே. இத்தசையை இயக்குவது மூன்றாம் மூளை நரம்பு. இதன் அடியில் உள்ள மற்றொரு சிறு தசை, இமையை ஏறத்தாழ 2 மி.மீ. உயர்த்தி உதவுகிறது.

பிறவித் தொய்வு உள்ள பெரும்பாலான குழந்தைகளிடம் இமை தூக்கும் தசையே சரியாக உருவாகவில்லை. தசையிழைகளின் இடத்தில் நாரும் கொழுப்பும் நிறைந்திருக்கின்றன. இத்தகைய தசை நன்றாகச் சுருங்கவும் மாட்டாது; நன்றாகத் தளரவும் மாட்டாது. ஆகவே, குழந்தை மேலே நோக்கும்போது அவ்விமை தாழ்ந்தும், கீழே நோக்கும்போது மற்ற இமையைவிடச் சற்று உயர்ந்தும் நிற்கும். இமை மடிப்பு மங்கியோ இல்லாமலோ இருக்கும். முதியோரிடம் நிலைமை வேறு. அவர்களுடைய தசை பெரும்பாலும் வலுவுடன் இருக்கிறது. நார்த்தகடுதான் மெலிந்தோ, இமைத்தட்டை விட்டு விலகியோ போயிருக்கிறது. அதனால் இமை மடிப்பு வழக்கத்தைவிட மேலே ஏறிக் காணப்படும்; கீழே நோக்கும்போது இமை மேலும் தாழும். நடப்பதைவிடப் படிப்பதே கடினமாக உள்ளது என்று இவர்கள் கூறுவதற்கு இதுவே காரணம்.

இரண்டு அளவுகள்

ஒரு சிறு கைவிளக்கும், மி.மீ. குறித்த ஒரு அளவுகோலும் இருந்தால் இரண்டு அளவுகளை எடுக்கலாம். முதல் அளவுக்கு, நோயாளியின் கண்களுக்கு நேராக விளக்கைப் பிடித்து, அதனையே நோக்கச் செய்ய வேண்டும். கண்பாவையின் நடுவில் ஒளிப்புள்ளி ஒன்று தெரியும். அப்புள்ளிக்கும் மேலிமையின் விளிம்புக்கும் இடையே உள்ள தொலைவு இயல்பாக 4 முதல் 5 மி.மீ. வரை இருக்கும். ஓரளவு வெளிச்சத்தில் கண்பாவையின் குறுக்களவு ஏறத்தாழ 4 மி.மீ. எனக் கொண்டால், இத்தொலைவு 2 மி.மீ. ஆகும்போது இமை பாவையின் மேல்விளிம்பைத் தொட்டுவிட்டது என்பது விளங்கும். அதற்கும் குறைந்தால் பாவை மறையத் தொடங்குகிறது. ஒளிப்புள்ளியே தெரியாவிடின் பார்வையின் நேர்வழி அடைபட்டுவிட்டது என்று பொருள்.

இரண்டாவது அளவு தசையின் வலுவைக் காட்டுவது. இமை தாழ்ந்தவர்கள் தம்மையறியாமலே நெற்றியைச் சுருக்கிப் புருவத்தின் துணையால் இமையை உயர்த்துவர். ஆகவே, அளப்பவர் தம் பெருவிரலால் புருவத்தை எலும்போடு சேர்த்து அழுத்தி, அத்துணையை முதலில் தடுத்துவிட வேண்டும். பின்னர் நோயாளியைக் கீழே நோக்கச் செய்து, அளவுகோலின் சுழியை இமை விளிம்பில் பொருத்தி, மேலே நோக்கச் சொல்ல வேண்டும். இமை எத்தனை மி.மீ. ஏறுகிறதோ அதுவே தசையின் வலு. 12 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஏறினால் இயல்பு. 5 முதல் 7 வரை நடுத்தரம். 4 அல்லது அதற்குக் குறைவு எனில் தசை மிக நலிந்தது. புருவத்தை அழுத்த மறந்தால் நலிந்த தசையும் வலுவுடையதாகத் தோன்றும். இவ்வளவீட்டில் நேரும் பிழைகளுள் இதுவே முதன்மையானது.

முதல் அளவு, இமை எவ்வளவு மறைக்கிறது என்பதைக் கூறுகிறது. இரண்டாவது அளவு, எத்தகைய அறுவை பயன்படும் என்பதைக் கூறுகிறது.

குழந்தையின் கண்ணுக்கு நேரும் தீங்கு

குழந்தை பிறந்தவுடன் அதன் பார்வை முழுமை பெற்றுவிடுவதில்லை. தெளிவான உருவங்கள் தொடர்ந்து விழித்திரையில் விழுந்தால்தான் மூளை அக்கண்ணைப் பயன்படுத்தக் கற்கிறது. ஏறத்தாழ ஏழு, எட்டு வயதுக்குள் இக்கல்வி நடந்தேற வேண்டும். இமை பாவையை மூடியிருந்தாலோ, தாழ்ந்த இமையோடு சேர்ந்து கருவிழியின் வளைவு கோணலாகி உருவம் தெளிவற்று விழுந்தாலோ, மூளை அக்கண்ணைப் புறக்கணித்து மறு கண்ணையே நம்பத் தொடங்கும். இதனை மந்தப்பார்வை என்பர். பின்னாளில் இமையை உயர்த்தினாலும் இழந்த பார்வை முழுவதும் மீள்வதில்லை.

இவ்விடத்தில் ஆசிரியர்கள் கருத வேண்டிய குறிப்பு ஒன்று உண்டு. இமை தாழ்ந்த குழந்தை மோவாயை உயர்த்திப் பார்க்குமாயின், அக்குழந்தை அக்கண்ணைப் பயன்படுத்த முயல்கிறது என்று கொள்ளலாம். ஒரு கண் மட்டும் பாவை மறையும் அளவுக்குத் தாழ்ந்திருந்தும், குழந்தை தலையை நேராகவே வைத்துக்கொண்டு எவ்விதத் தொல்லையும் இன்றி இருந்தால், அதுவே கவலைக்குரியது. நல்ல கண்ணைக் கையால் மறைத்துப் பார்த்தால், அத்தகைய குழந்தை அழுது கையை விலக்க முயலும்.

எடுத்துக்காட்டாக, நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியைக் கொள்வோம். பிறந்தது முதல் அவளுக்கு இடது மேலிமை தாழ்ந்துள்ளது. ஒளிப்புள்ளியிலிருந்து இமைவரை வலக்கண்ணில் 4 மி.மீ., இடக்கண்ணில் 1 மி.மீ.; ஆகத் தொய்வு 3 மி.மீ. தசையின் வலு வலப்புறம் 14, இடப்புறம் 5 மி.மீ. பார்வையை அளந்தபோது வலக்கண் 6/9, இடக்கண் 6/24. இடக்கருவிழியில் வளைவுக் கோணலும் காணப்படுகிறது. இமையை மட்டும் உயர்த்தினால் இவளுக்குப் போதுமா? போதாது. வளைவுக் கோணலைத் திருத்தும் கண்ணாடி முதலில் அணிவிக்கப்படுகிறது. நல்ல கண்ணை நாள்தோறும் இரண்டு மணி நேரம் மூடிவைத்து, மந்தமான கண்ணுக்கு வேலை தரப்படுகிறது. சில மாதங்களில் இடக்கண் பார்வை 6/12 ஆக உயர்கிறது. அதன் பின்னர் இமை அறுவை நடைபெறுகிறது. அறுவைக்குப் பின்னும் கருவிழியின் வளைவு மாறக்கூடுமாதலால், கண்ணாடியின் அளவு மீண்டும் சோதிக்கப்பட்டு, கண்ணை மூடும் பயிற்சி தொடர்கிறது.

பார்வைக்கு இடையூறு இல்லாத குழந்தைக்கு மூன்று முதல் ஐந்து வயதுவரை காத்திருந்து அறுவை செய்வது வழக்கம்; அப்போது அளவுகளைத் திருத்தமாக எடுக்க முடியும். பாவை மறைந்திருந்தால் கைக்குழந்தைப் பருவத்திலேயே அறுவை செய்ய நேரிடும்.

அறுவையில் நடப்பது யாது?

தசையில் ஓரளவு வலு இருப்பின், இமை மடிப்பு அமைய வேண்டிய கோட்டில் தோலைக் கீறி, தசையின் ஒரு பகுதியை வெட்டி நீக்கி, எஞ்சியதை இமைத்தட்டில் தைப்பர். வலு குறையக் குறைய, வெட்டி நீக்கும் நீளம் கூடும். மேற்கூறிய சிறுமிக்கு ஏற்றது இம்முறையே. வலு 4 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாயின் தசையைக் குறுக்குவதால் பெரும்பயன் இல்லை. அப்போது நெற்றித் தசையின் துணையை நாட வேண்டும். குழந்தையின் தொடையின் வெளிப்புறத்திலிருந்து எடுத்த நார்ப்பட்டையையோ, சிலிக்கோன் இழையையோ தோலின் அடியில் செலுத்தி, இமைத்தட்டைப் புருவத்துடன் பிணைப்பர். புருவம் உயரும்போது இமையும் உயரும். தொடைநாரை எடுப்பதற்குக் குழந்தை ஏறத்தாழ மூன்று வயதேனும் எட்டியிருத்தல் வேண்டும். சிலிக்கோன் இழையைக் கைக்குழந்தைக்கும் பொருத்தலாம். ஆயினும் அது நாளடைவில் தளரவோ வெளிப்படவோ கூடும்.

எம்முறையும் நலிந்த தசையைப் புதிய தசையாக மாற்றுவதில்லை. இமை உயர்ந்து நிற்பதற்கு ஈடாக அது மூடுவதில் ஒரு பங்கை இழக்கிறது. ஆகவே, குழந்தை உறங்கும்போது கண் சற்றே திறந்திருக்கும். இது எதிர்பார்க்கத்தக்கதே. கருவிழி உலராமலிருக்க இரவில் களிம்பும் பகலில் சொட்டு மருந்தும் இடப்படும். மாறாக, கண் சிவத்தல், வலித்தல், ஒளியைக் கண்டு கூசுதல், கருவிழியில் வெண்புள்ளி தோன்றுதல் ஆகியவை கருவிழி புண்படுவதன் அறிகுறிகள். அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். இமை தேவைக்குக் குறைவாக உயர்ந்து மறு அறுவை தேவைப்படுவதும் உண்டு. இதனைப் பெற்றோருக்கு முன்னரே கூறிவைத்தல் நன்று.

முதியோரின் இமை

முதியோருக்கு அறுவை தேவையா என்பதை அறியப் பார்வைப் பரப்பை இருமுறை அளப்பர்: ஒருமுறை இமையை உள்ளபடியே விட்டும், மறுமுறை அதனை ஒட்டுநாடாவால் உயர்த்தியும். இரண்டாம் முறை மேற்புறப் பரப்பு நன்கு விரிந்தால், மறைப்பதற்குக் காரணம் இமையே என்பது உறுதியாகும். விரியாவிடில் கண்ணழுத்தம் போன்ற வேறு காரணங்களைத் தேட வேண்டும். விலகிய நார்த்தகட்டை மீண்டும் இமைத்தட்டில் தைப்பதே இங்கு அறுவை. அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வதால், நோயாளியைக் கண் திறக்கச் சொல்லி, இமையின் உயரத்தை அப்போதே சரிபார்க்கலாம். ஓரிமையை உயர்த்தியதும் மற்றது தாழ்வதும் உண்டு. இரு இமைகளுக்கும் மூளையிலிருந்து செல்லும் ஆணை ஒரே அளவினதாதலின், முயற்சி குறைந்ததும் மறைந்திருந்த தொய்வு வெளிப்படுகிறது. தாழ்ந்த இமையை விரலால் உயர்த்தி மறு இமையை நோக்கினால், இதனை முன்கூட்டியே அறியலாம்.

காத்திருக்கலாகாத தொய்வு

முன்பு இல்லாத தொய்வு திடீரெனத் தோன்றினால் அளவுகோலை எடுக்கும் நேரமன்று. இமை தாழ்வதோடு கண் வெளிப்புறமாகத் திரும்பி, பாவை விரிந்து, தலைவலியும் இருந்தால், மூளையின் இரத்தக்குழாய் ஒன்று வீங்கி மூன்றாம் நரம்பை அழுத்துவதாக இருக்கலாம். காலையில் நன்றாயிருந்து மாலையில் தாழும் இமை, நரம்பும் தசையும் இணையுமிடத்து நோயான மயஸ்தீனியாவைக் குறிக்கலாம். அதற்கு முதலில் வேண்டியது மருந்தேயன்றி அறுவை அன்று.

சிற்றூர்களில் பணியாற்றுவோர் மறவாதிருக்க வேண்டியது மற்றொன்று. தரையில் படுத்து உறங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலியுடன் எழுந்து, இரு இமைகளையும் தூக்க இயலாது தவித்தால், கட்டுவிரியன் கடித்திருக்கக்கூடும். அதன் கடிவாயில் வீக்கமோ வலியோ இராது. தடமும் தெரியாமற் போகலாம். இமைகளைத் தாக்கிய நஞ்சு அடுத்து மூச்சுத் தசைகளைத் தாக்கும். நஞ்சுமுறி மருந்தும் செயற்கைச் சுவாச வசதியும் உள்ள மருத்துவமனைக்கு அவரை உடனே கொண்டுசெல்ல வேண்டும்.

ஏனைய குழந்தைகளைப் பொறுத்தவரை வழி எளிது. 2013-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்திய காரியக்கிரமத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வருகின்றனர். இமை தாழ்ந்த குழந்தையின் பெயரோடு, ஒளிப்புள்ளி தெரிகிறதா, மோவாயை உயர்த்துகிறதா, நல்ல கண்ணை மூடினால் அழுகிறதா என்னும் மூன்று விடைகளையும் எழுதிக் கொடுத்தால், எக்குழந்தையை முதலில் அனுப்ப வேண்டும் என்பதை அக்குழுவினர் எளிதில் தீர்மானிப்பர். ஒளிப்புள்ளி தெரியாத குழந்தையை அவர்கள் வரும்வரை நிறுத்திவைக்காமல், உடனே கண் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும்.