கிரில்லில் காற்று வருது... ஆனா ரூமுக்குப் போதுமா? அனிமோமீட்டரில் அளப்பது எப்படி?

ஊத்துக்குளி, திருப்பூர் பக்கம் தையல் யூனிட்களில் ஏப்ரல், மே மாதங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு: "இந்த லைனுக்குக் காத்தே வர்றதில்லீங்க." சூப்பர்வைசர் கிரில்லுக்கு நேரே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே வருது" என்பார். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். காற்று அடிக்கும் வேகத்தைத்தான் கை சொல்லும். அறைக்குள் எவ்வளவு காற்று வருகிறது என்பதைச் சொல்லாது. அதற்குத்தான் அனிமோமீட்டர். சின்ன காற்றாடி பொருத்திய, உள்ளங்கையில் அடங்கும் கருவி.

எப்படி அளப்பது?

கூலர் வழக்கமான வேகத்தில் ஓடட்டும். கதவு, ஜன்னல்கள் வேலை நேரத்தில் இருப்பது போலவே இருக்கட்டும். கருவியை மீட்டர்/விநாடியில் வைத்து, காற்றாடி கிரில்லைப் பார்த்தபடி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்க வேண்டும். உங்கள் உடம்பு காற்றை மறைக்கக் கூடாது.

பலரும் செய்யும் தப்பு, காற்று அதிகம் அடிக்கும் ஒரே இடத்தில் வைத்து அந்த எண்ணையே எடுத்துக்கொள்வது. கிரில்லின் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் வேகம் இரண்டு மடங்குகூட வித்தியாசப்படும். அதனால் கிரில்லை மனதுக்குள் ஆறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பத்து விநாடி வைத்து, சராசரி எடுக்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

ஒரு மாதிரி யூனிட்டை எடுத்துக்கொள்வோம். நீளம் 12 மீட்டர், அகலம் 8 மீட்டர், உயரம் 3.5 மீட்டர், கொள்ளளவு 336 கன மீட்டர். 20 பேர் வேலை செய்கிறார்கள். வெளிக்காற்றை ஈரப் பேடு வழியாக இழுத்து டக்ட்டில் அனுப்பும் ஏர் கூலர். நான்கு கிரில்கள், ஒவ்வொன்றும் 60 × 30 சென்டிமீட்டர்.

முதல் கிரில்லில் ஆறு அளவுகள்: 3.4, 3.6, 3.0, 2.4, 2.5, 1.9. சராசரி 2.8. கிரில் பரப்பு 0.18 சதுர மீட்டர்.

```
2.8 × 0.18 × 3600 = 1,814 கன மீட்டர்/மணி
```

கிரில்லின் தகடுகளும் கொஞ்சம் இடத்தை அடைப்பதால் இது தோராயக் கணக்குதான். ஆனால் கிரில்களை ஒன்றோடொன்று ஒப்பிட இது போதும். மற்ற மூன்றிலும் 1,400, 1,100, 730 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் சுமார் 5,040. அறையின் கொள்ளளவால் வகுத்தால் 15. அதாவது, மணிக்கு 15 முறை அறைக்காற்று மாறும் அளவுக்குக் காற்று வருகிறது.

போதுமா?

மூச்சுக்கு? தாராளம். கூலர் முழுக்க வெளிக்காற்றையே தருவதால், ஆளுக்கு மணிக்கு 250 கன மீட்டர் கிடைக்கிறது.

சூட்டுக்கு? அங்கேதான் சிக்கல். மெஷின் மோட்டார்கள், அயர்ன் பாக்ஸ்கள், விளக்குகள், ஆட்கள் எல்லாம் சேர்ந்து 10,000 வாட் வெப்பம் வெளியிடுவதாகக் கொள்வோம். கூரை வழி இறங்கும் வெயில் இதில் சேரவில்லை.

```
10,000 ÷ (0.33 × 5,040) ≈ 6 டிகிரி
```

கூலர் 28 டிகிரியில் காற்றைத் தள்ளினாலும், அது அறையைக் கடந்து வெளியேறும்போது 34 டிகிரி ஆகிவிடும். இந்த ஏற்றத்தை 3 டிகிரியாகக் குறைக்க, காற்றை இரண்டு மடங்காக்க வேண்டும்.

அதோடு, கடைசி கிரில்லுக்குக் கீழே இருப்பவருக்கு வருவது முதல் கிரில்லில் வருவதில் பாதிகூட இல்லை. "காத்தே வர்றதில்லீங்க" என்ற புகாருக்குக் காரணம் இதுதான். முதல் கிரில்லின் டாம்பரைக் கொஞ்சம் மூடி, நான்கையும் மறுபடி அளந்து சரிப்படுத்தலாம். பங்கீடு சரியாகும், மொத்தம் கூடாது.

கதவைத் திறந்து பாருங்கள்

மொத்தம் குறைவு என்றால் உடனே இன்னொரு கூலர் வாங்க வேண்டியதில்லை. கதவையும் ஜன்னல்களையும் அகலத் திறந்துவிட்டு, அதே கிரில்லில் மறுபடி அளந்து பாருங்கள். எண் தெளிவாக ஏறினால், காற்று வெளியேற வழியில்லாமல் அறை அடைபட்டிருக்கிறது. எக்ஸாஸ்ட் ஃபேனோ, எதிர்ச்சுவரில் திறப்போ வேண்டும். எண் அப்படியே இருந்தால், பேடிலும் கிரில்லிலும் படிந்த பஞ்சுத் தூசியைச் சுத்தம் செய்து மறுபடி அளக்க வேண்டும். அதற்குப் பிறகும் குறைவு என்றால்தான் ஃபேனோ டக்ட்டோ போதவில்லை என்று அர்த்தம்.

ஏசி ஆபீசுக்கு இது பொருந்துமா?

பாதிதான். சாதாரண ஸ்பிளிட் ஏசி உள்காற்றையே சுற்றிவிடுகிறது. வேகம் நன்றாக இருந்தாலும் அதில் புதுக்காற்று இருக்காது. அங்கே அனிமோமீட்டரோடு கார்பன் டை ஆக்சைடு மீட்டரும் வேண்டும். வெளிக்காற்றில் சுமார் 420 பிபிஎம் இருக்கும் அளவு, மூடிய மீட்டிங் ரூமில் 1,500-ஐத் தாண்டினால், கிரில்லில் எவ்வளவு காற்று அடித்தாலும் அந்த அறைக்குப் புதுக்காற்று போதவில்லை.