‘எப்போதும்’ என்று கேட்கும் செயலி

சென்னையிலிருந்து திருச்சி போகும் இரவுப் பேருந்தில் ஏறி, வழியில் பெரம்பலூரில் இறங்க வேண்டியவருக்கு ஒரே ஒரு கவலைதான். அசந்து தூங்கிவிட்டால் கண் விழிப்பது திருச்சியிலாக இருக்கும். இறங்கும் ஊர் நெருங்கியதும் அலாரம் அடித்து எழுப்பும் செயலிகள் இதற்காகவே இருக்கின்றன. அப்படி ஒன்றை நிறுவியதும் அது உங்கள் லொக்கேஷனைப் பார்க்க அனுமதி கேட்கும். கேட்பது நியாயம்தான். ஆனால் எவ்வளவு கேட்கலாம்?

போன்களில் இதற்கு இரண்டு படிகள் உண்டு. ஒன்று, செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும். ஆண்ட்ராய்டில் இது `While using the app` என்று இருக்கும். இன்னொன்று, எப்போதும். திரையில் `Allow all the time` என்று வரும். செயலியை மூடிவிட்டு நீங்கள் வேறு வேலை பார்க்கும்போதும், நினைத்த நேரத்தில் உங்கள் இருப்பிடத்தை அது பார்க்கலாம் என்பது இரண்டாவதன் பொருள். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 இந்த இரண்டையும் தனித்தனி அனுமதிகளாகப் பிரித்தது. அதற்கு முன்பு ஒருமுறை ‘சரி’ என்று தொட்டால் இரண்டுக்கும் சேர்த்தே சம்மதித்ததாக ஆகிவிடும்.

பேருந்து அலாரத்துக்கு எது வேண்டும்? பயணி தூங்குகிறார், திரை அணைந்திருக்கிறது, செயலி கண்ணில் படவில்லை. அதனால் ‘எப்போதும்’தான் தேவை என்று தோன்றும். செயலி எழுதுகிறவர்களில் பலரும் இப்படி நினைத்துத்தான் அதைக் கேட்டுவிடுகிறார்கள். ஆனால் தேவையில்லை. பயணி பேருந்தில் ஏறியதும் செயலியைத் திறந்து, ஊரைத் தேர்ந்தெடுத்து, ‘பயணம் தொடங்கு’ என்று தானே தொடுகிறார். பயனர் கண்ணெதிரே தொடங்கிவைத்த வேலையை, திரை அணைந்த பிறகும் தொடர ஆண்ட்ராய்டு விடுகிறது. ஒரே நிபந்தனை, அந்த வேலை நடக்கும்வரை நோட்டிஃபிகேஷன் பகுதியில் ஓர் அறிவிப்பு இருக்க வேண்டும். ‘பெரம்பலூருக்கு இன்னும் 140 கி.மீ.’ என்று அது காட்டிக்கொண்டே இருக்கலாம். ஐபோனிலும் ஏறத்தாழ இதே ஏற்பாடுதான். செயலி பின்னணியில் இடத்தைப் பார்க்கும்போது திரையின் மேலே நீல நிற அடையாளம் தெரியும். முதல் படி அனுமதியே இதற்குப் போதும்.

ஆக, திரை அணைந்திருக்கிறதா என்பதல்ல கேள்வி. வேலையை யார் தொடங்குகிறார்கள் என்பதே கேள்வி. பயனர் தொடங்கினால் முதல் படி போதும். யாரும் தொடாமல் செயலி தானாக விழித்துக்கொள்ள வேண்டுமென்றால்தான் ‘எப்போதும்’ தேவை.

அடுத்து பேட்டரி. ஜிபிஎஸ்ஸை விநாடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருந்தால் ஐந்து மணி நேரப் பயணத்தில் 18,000 தடவை இடம் பார்க்க வேண்டிவரும். இதில் ஜிபிஎஸ் சிப் மட்டும் மின்சாரம் தின்பதில்லை. ஒவ்வொரு தடவையும் போனின் பிராசஸரும் விழித்தெழ வேண்டும். பார்த்த இடத்தை உடனுக்குடன் சர்வருக்கு அனுப்பினால் மொபைல் டேட்டாவின் செலவும் சேரும். பெரம்பலூர் வருவதற்குள் போன் அணைந்துபோனால் அலாரம் எங்கே அடிக்கும்?

கொஞ்சம் கணக்குப் போட்டால் இது பெருமளவு குறையும். சென்னையிலிருந்து பெரம்பலூர் சுமார் 270 கி.மீ. ஊருக்கு 6 கி.மீ. முன்னால் எழுப்பினால் போதும் என்று வைத்துக்கொள்வோம். பேருந்து மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் போனால் நிமிடத்துக்கு 1.2 கி.மீ. கடக்கும். அப்படியானால் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வரப் பயணிக்கு ஐந்து நிமிடம் கிடைக்கிறது. விழுப்புரம் தாண்டியபோது இன்னும் நூறு கி.மீ. பாக்கி. பேருந்து எவ்வளவு விரைந்தாலும் அடுத்த கால் மணி நேரத்தில் பெரம்பலூர் வந்துவிடாது. பிறகு எதற்கு விநாடிக்கு விநாடி பார்க்க வேண்டும்? எழுப்ப வேண்டிய இடத்தை மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அடைய எவ்வளவு நேரமாகுமோ, அதில் பாதி நேரம் கழித்து அடுத்த முறை பார்க்கலாம். எப்படியும் கால் மணிக்கு ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஓர் உச்சவரம்பும் வைக்கலாம். ஊர் நெருங்க நெருங்க இடைவெளி தானாகவே குறுகும். இந்த முறையில் பயணம் முழுவதற்கும் சுமார் 30 தடவை பார்த்தால் முடிந்தது.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதும் இதே கணக்கில் வந்துவிடுகிறது. ஆண்ட்ராய்டில் இடம் கேட்கும்போது தரத்தையும் சொல்லிக் கேட்கலாம். உயர் துல்லியம் கேட்டால் ஜிபிஎஸ் முழுவீச்சில் வேலை செய்யும். நடுத்தரம் கேட்டால் வைஃபை, செல்போன் டவர் ஆகியவற்றைக் கொண்டு ஏறக்குறைய 100 மீட்டர் துல்லியத்துக்கு முயலும். மின்செலவும் குறைவு. விழுப்புரம் அருகே பேருந்து இருக்கும்போது நடுத்தரமே தாராளம். கடைசி 20 கி.மீ.க்கு மட்டும் உயர் துல்லியத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

ஆனால் நெடுஞ்சாலையில் வைஃபை கிடையாது, டவர்களும் தள்ளித்தள்ளி இருக்கும். நடுத்தரத் தரத்தில் கேட்டால் சில சமயம் இரண்டு, மூன்று கி.மீ. தள்ளி ஓர் இடத்தைப் போன் சொல்லும். நள்ளிரவில் பொய் அலாரம் அடித்துப் பயணியை எழுப்பிவிட்டால், அடுத்த நாளே செயலியைத் தூக்கிவிடுவார். இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. போன் தரும் ஒவ்வொரு இடத்தோடும் அது எத்தனை மீட்டர் பிசகலாம் என்ற எண்ணும் சேர்ந்தே வரும். அந்த எண் 40 என்றால், உண்மையான இடம் 40 மீட்டர் வட்டத்துக்குள் இருக்க 68 சதவீத வாய்ப்பு என்று பொருள். மூன்றில் ஒரு பங்கு அந்த வட்டத்துக்கு வெளியேயும் இருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. எண் 2,000 என்று வந்தால் அதை நம்பி அலாரம் அடிக்காமல், ஒருமுறை ஜிபிஎஸ்ஸிடம் கேட்டு உறுதி செய்துகொள்வதே சரி.

2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12இல், துல்லியமான இடத்தைத் தராமல் தோராயமான இடத்தை மட்டும் தரும் வசதி பயனருக்குக் கிடைத்தது. தோராயம் என்றால் சுமார் 3 சதுர கி.மீ. பரப்பு. 6 கி.மீ. முன்னால் எழுப்பும் அலாரத்துக்கு இந்தப் பிசகு பெரிதல்ல. ஆனால் தோராய இடம் அடிக்கடி புதுப்பிக்கப்படாது என்பதுதான் சிக்கல். நல்ல செயலி இதற்காக இயங்க மறுக்காது. ‘தோராய இடம் மட்டும் கொடுத்திருக்கிறீர்கள், அதனால் 15 கி.மீ. முன்னாலேயே எழுப்பிவிடுவேன்’ என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கும்.

சரி, ‘எப்போதும்’ உண்மையிலேயே எப்போது தேவைப்படும்? வெள்ளிதோறும் ஊருக்குப் போகிறவர், “ஒவ்வொரு முறையும் செயலியைத் திறக்க மறந்துவிடுகிறேன், ஊர் நெருங்கினால் தானாகவே எழுப்பட்டும்” என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பயனர் எதையும் தொடங்குவதில்லை. பெரம்பலூரைச் சுற்றி ஒரு கற்பனை வட்டம் போட்டு, அதற்குள் போன் நுழைந்தால் செயலியை எழுப்பு என்று ஆண்ட்ராய்டிடமே ஒப்படைத்துவிடலாம். இதற்கு ஜியோஃபென்ஸ் என்று பெயர். செயலி உறங்கிக்கொண்டே இருப்பதால் பேட்டரிச் செலவு மிகக் குறைவு. ஆனால் இதற்கு ‘எப்போதும்’ அனுமதி கட்டாயம்.

இதில் நிதானம் தவறினால் அலாரமே அடிக்காமல் போகும். பின்னணியில் இருக்கும் செயலிக்கு, வட்டத்துக்குள் நுழைந்த செய்தி வந்துசேர சராசரியாக இரண்டு, மூன்று நிமிடம் ஆகும் என்கிறது கூகுள். ஊரைச் சுற்றி 1 கி.மீ. ஆரத்தில் வட்டம் போட்டிருந்தால், புறவழிச்சாலையில் போகும் பேருந்து அதன் முழு அகலமான 2 கி.மீ.யைக்கூட 100 விநாடியில் கடந்துவிடும். செய்தி வரும்போது ஊர் பின்னால் போயிருக்கும். வட்டத்தின் ஆரத்தை 10 கி.மீ. ஆக்கினால், மூன்று நிமிடத் தாமதத்தில் 3.6 கி.மீ. போனாலும் இன்னும் 6 கி.மீ.க்கு மேல் மிச்சமிருக்கும். சில நிறுவனங்களின் போன்கள் பேட்டரியைச் சேமிக்கப் பின்னணிச் செயலிகளை அடியோடு நிறுத்திவிடுவதும் உண்டு. அப்படிப்பட்ட போனில் எந்த வட்டமும் உதவாது. அதனால் வெவ்வேறு போன்களை வைத்து நிஜச் சாலையில் ஓட்டிப் பார்க்காமல் இந்த வசதியை வெளியிடக் கூடாது.

இந்த அனுமதியை எப்போது, எப்படிக் கேட்பது என்பதில்தான் நம்பிக்கை நிற்கிறது. செயலியைத் திறந்த முதல் நிமிடத்திலேயே கேட்டால் பயனருக்குக் காரணம் புரியாது. 2020இல் வந்த ஆண்ட்ராய்டு 11 இரண்டு அனுமதிகளையும் ஒரே மூச்சில் கேட்பதையே தடுத்துவிட்டது. அப்படிக் கேட்டால் போன் அந்தக் கோரிக்கையைக் கண்டுகொள்ளாது. முதலில் ‘பயன்படுத்தும்போது மட்டும்’ வாங்க வேண்டும். ‘எப்போதும்’ வேண்டுமென்றால் பயனரே செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போய் அதைத் தேர்வு செய்ய வேண்டும். ஓர் அனுமதியை இரண்டு முறை மறுத்துவிட்டால், ‘இனிக் கேட்காதே’ என்று போன் எடுத்துக்கொள்ளும். அதனால் அவசரப்பட்டுக் கேட்கிற செயலி, தனக்கு உண்மையிலேயே தேவைப்படும் நாளில் கேட்க வழியில்லாமல் நிற்கும்.

‘தானாக எழுப்பு’ என்ற வசதியைப் பயனர் இயக்கும் அந்த நேரம்தான் கேட்பதற்கு உரியது. செட்டிங்ஸுக்கு அனுப்பும் முன் ஒரு பக்கத்தில் இப்படிச் சொல்லலாம்: “நீங்கள் தேர்ந்தெடுத்த ஊரை நெருங்கியதும் எழுப்புவதற்காக, இந்தச் செயலி மூடியிருக்கும்போதும் உங்கள் இருப்பிடத்தைப் பார்க்கும். அந்தத் தகவல் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. வேண்டாமென்றால், ஒவ்வொரு முறையும் நீங்களே பயணத்தைத் தொடங்கலாம்.” பின்னணியில் இடம் பார்க்கும் செயலி, மூடியிருக்கும்போதும் பார்ப்பதை இப்படி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது கூகுள் பிளே விதி. எழுதினால் மட்டும் போதாது, சொன்னபடி நடக்கவும் வேண்டும். நம் நாட்டில் 2023இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட எட்டாவது அட்டவணை மொழிகளில் படிக்க வாய்ப்புத் தரச் சொல்கிறது. சம்மதம் கொடுத்தது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

பயன்படுத்துகிறவர் சரிபார்க்க அதிக நேரம் ஆகாது. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் லொக்கேஷன் பகுதிக்குப் போனால், எந்தெந்தச் செயலிக்கு ‘எப்போதும்’ அனுமதி இருக்கிறது என்ற பட்டியல் கிடைக்கும். ஆண்ட்ராய்டு 12 முதல் `Privacy dashboard` என்ற பக்கமும் உண்டு. கடந்த 24 மணி நேரத்தில் எந்தச் செயலி எப்போது உங்கள் இடத்தைப் பார்த்தது என்று அது காட்டும். ஐபோன் தானாகவே அவ்வப்போது ஒரு வரைபடத்தோடு இதை நினைவூட்டும். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் பார்த்து, ‘நான் தொடாமலே இது விழிக்க வேண்டிய வேலை ஏதாவது இருக்கிறதா?’ என்று கேளுங்கள். டாக்ஸி அழைக்கும் செயலிக்கும் சாப்பாடு வரவழைக்கும் செயலிக்கும் அப்படி ஒரு வேலை இல்லை. அவற்றை ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்று மாற்றிப் பாருங்கள். ஒரு வாரம் கழித்தும் எதுவும் குறையவில்லை என்றால், அந்த அனுமதி முதலிலிருந்தே தேவைப்படவில்லை.