குறைமாதக் குழந்தையின் வயிற்று வீக்கமும் குடல் திசு அழிவும்

குறைமாதக் குழந்தையின் குடல் திசு அழிவு என்பது, பிறந்து சில நாட்கள் அல்லது சில வாரங்கள் ஆன குழந்தையின் குடற்சுவரில் அழற்சி ஏற்பட்டு, அச்சுவரின் ஒரு பகுதி உயிரிழந்துபோகும் நோய் ஆகும். மருத்துவத்தில் இது நெக்ரோடைசிங் என்டிரோகோலைட்டிஸ் எனப்படும். பச்சிளங்குழந்தைப் பிரிவில் பணிபுரிவோர் இதை என்.இ.சி. என்று சுருக்கிச் சொல்வர். சிறுகுடலின் கடைசிப் பகுதியும் பெருங்குடலின் தொடக்கப் பகுதியும் அதிகம் பாதிக்கப்படுகின்றன. 32 வாரத்துக்கு முன் பிறந்தவை, 1,500 கிராமுக்குக் குறைந்தவை ஆகிய குழந்தைகளுக்கே இது பெரும்பாலும் வருகிறது.

முதிராத குடலின் சுவர் மெலிதானது. அதன் அசைவு மந்தம். உள்ளே குடியேறும் கிருமிகளுக்கு எதிராக அது அளவுக்கு மீறிக் கிளர்ந்தெழுகிறது. இதனால் நுண்ணிய இரத்த நாளங்கள் சுருங்கி, திசுவுக்கு இரத்தம் குறைகிறது. காயம்பட்ட இடத்தில் கிருமிகள் சுவருக்குள்ளேயே புகுந்து வாயுவை உண்டாக்குகின்றன. தாய் சாப்பிட்ட உணவோ, தாய்ப்பாலின் "சூடோ" இதற்குக் காரணம் அல்ல.

== எது சாதாரண வீக்கம், எது ஆபத்து ==

குறைமாதக் குழந்தையின் வயிறு உப்புவதெல்லாம் குடல் அழிவு ஆகாது. மூச்சுக்கு உதவ மூக்கில் சிபாப் கருவி பொருத்தப்பட்ட குழந்தை காற்றையும் சேர்த்து விழுங்கும். அப்போது வயிறு பெருத்திருந்தாலும் தொட்டால் மென்மையாக இருக்கும், குழந்தை துடிப்பாக இருக்கும், மலம் வழக்கம்போல் போகும். உணவுக் குழாய் வழியே சிறிது வெண்பால் திரும்பி வருவதும் தனியாகக் கவலைக்குரியது அல்ல.

கவனிக்க வேண்டியது அறிகுறிகள் சேர்ந்து வருவதை. வயிறு இறுகிப் பளபளக்கும், தொட்டால் குழந்தை முகம் சுளிக்கும். திரும்பி வரும் நீர் பச்சையாக இருக்கும். பச்சை நிறம் பித்தநீரைக் குறிக்கிறது. குடலில் கீழ்நோக்கிப் போக வேண்டியது மேலே வருகிறது என்று பொருள். மலத்தில் இரத்தம் தென்படலாம். நேற்று வரை கைகால் அசைத்த குழந்தை சோர்ந்துவிடும், மூச்சு இடையிடையே நிற்கும், உடல் சில்லிடும். பல நேரங்களில் வயிற்றுக்கு முன்பாக இந்தச் சோர்வே வருகிறது. "இன்னிக்கு இவன் சரியில்லை" என்று தாய் சொன்னால், செவிலியர் அதை ஓர் அறிகுறியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

== ஓர் எடுத்துக்காட்டு ==

நோயின் போக்கை விளக்க ஒரு கற்பனைக் குழந்தையை எடுத்துக்கொள்ளலாம். திண்டிவனம் பக்கத்தில் 29 வாரத்தில், 1,150 கிராம் எடையில் பிறந்தது. முதலில் இரண்டு மணிக்கு ஒருமுறை 2 மி.லி. சீம்பால் குழாய் வழியே தரப்பட்டது. நாளுக்கு நாள் கூட்டி, 13ஆம் நாளில் ஒரு வேளைக்கு 14 மி.லி. ஆனது. 16ஆம் நாள் காலையில் 6 மி.லி. பச்சை நீர் திரும்பியது. வயிற்றுச் சுற்றளவு 23 செ.மீ.யிலிருந்து 25.5 செ.மீ. ஆகியிருந்தது. இருமுறை மூச்சு நின்றது.

பால் உடனே நிறுத்தப்பட்டது. வாய் வழியாக இரைப்பைக்குள் விடப்பட்ட குழாய் திறந்துவிடப்பட்டு, காற்றும் நீரும் வெளியேற வழி செய்யப்பட்டது. இரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்து, நுண்ணுயிர்க்கொல்லி ஊசி தொடங்கப்பட்டது. எக்ஸ்ரேயில் குடற்சுவருக்குள் சிறு குமிழ்கள் வரிசையாகத் தெரிந்தன. நோயை உறுதிசெய்யும் அடையாளம் இதுவே. 1978இல் பெல் என்பவர் வகுத்த நிலைகளின்படி, சந்தேகம் மட்டும் என்றால் முதல் நிலை, குமிழ் தெரிந்தால் இரண்டாம் நிலை, குழந்தையின் உடல்நிலை மிக மோசமாகிவிட்டாலோ குடல் ஓட்டையாகிவிட்டாலோ மூன்றாம் நிலை.

பெற்றோருக்கு இங்கே மிகவும் வலிப்பது "பட்டினி போடுகிறார்கள்" என்ற எண்ணம். அது பட்டினி அன்று. சர்க்கரையும் புரதமும் கொழுப்பும் நரம்பு வழியே செல்கின்றன. அடிபட்ட காலுக்கு ஓய்வு தருவதுபோல் குடலுக்கு ஓய்வு தரப்படுகிறது. 6 முதல் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே மீண்டும் எடுக்கப்படுவது, காற்று குடலுக்கு வெளியே வந்துவிட்டதா என்று பார்க்கத்தான். வந்திருந்தால் குடல் ஓட்டையாகிவிட்டது, அறுவை சிகிச்சை தேவை. இக்குழந்தைக்கு அப்படி ஆகவில்லை. பத்து நாளுக்குப் பின் மீண்டும் 2 மி.லி. தாய்ப்பாலில் தொடங்கப்பட்டது.

அந்தப் பத்து நாளும் தாய் பால் கறந்துகொண்டிருந்தார் என்பதே இதில் முக்கியம். பகலும் இரவுமாக எட்டு முறை கறந்தால்தான் சுரப்பு நிற்காது. குழந்தை குடிக்கவில்லை என்று விட்டுவிட்டால், பால் தொடங்கும் நாளில் பவுடர் பாலைத் தேட வேண்டி வரும். 1990இல் இங்கிலாந்தின் லூகாஸ், கோல் ஆகியோர் 926 குறைமாதக் குழந்தைகளிடம் செய்த ஆய்வில், பவுடர் பால் மட்டும் பெற்றவர்களுக்கு, தாய்ப்பால் மட்டும் பெற்றவர்களைவிட 6 முதல் 10 மடங்கு அதிகமாக இந்நோய் வந்தது. தாய்ப்பால் பெறும் குழந்தைக்கும் வரலாம், ஆனால் குறைவு. கறந்த பால் அறை வெப்பத்தில் 4 மணி நேரமும், குளிர்ப்பெட்டியில் ஒரு நாளும் தாங்கும். தாயிடம் போதாதபோது தாய்ப்பால் வங்கியின் பதப்படுத்திய பால் அடுத்த தேர்வு. புதுச்சேரி ஜிப்மரில் அமுதம் என்ற வங்கி உள்ளது.

== இடம் மாற்ற நேர்ந்தால் ==

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட முண்டியம்பாக்கத்தில் 2010இல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. இரு ஊர்களிலிருந்தும் ஜிப்மர் சுமார் 40 கி.மீ.; எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை இன்னும் தொலைவு. குடல் ஓட்டையானால் குழந்தைகளுக்கான அறுவை மருத்துவர் இருக்கும் இடமே தேவை. பயணத்தில் இரைப்பைக் குழாயை மூடக்கூடாது; மூடினால் வயிறு இன்னும் உப்பி மூச்சை அழுத்தும். குழந்தை சூடாக இருக்க வேண்டும், நரம்பு வழித் திரவம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எக்ஸ்ரே படங்களையும், கடைசியாகப் பால் தந்த நேரத்தையும் கையோடு கொண்டுபோக வேண்டும். இவற்றைப் பெற்றோரே கேட்டு உறுதிசெய்யலாம்.

அறுவையில் செத்த பகுதி வெட்டப்பட்டு, குடலின் முனை சில வாரங்களுக்கு வயிற்றின் மேல் திறப்பாக வைக்கப்படுவது உண்டு. பிறகு அது மீண்டும் இணைக்கப்படும். நோய் உறுதியான குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று இறக்கிறது. அறுவை தேவைப்பட்ட, மிகச் சிறிய குழந்தைகளில் இழப்பு இன்னும் அதிகம்.

== வீடு திரும்பிய பின் ==

காயம் ஆறிய இடத்தில் தழும்பு சுருங்கி, குடல் குறுகலாம். மேற்சொன்ன குழந்தை 1,900 கிராமில் வீட்டுக்குப் போய், நோய் வந்த ஆறாவது வாரத்தில் இரண்டு நாள் மலம் போகாமல், பச்சையாக வாந்தி எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். பாட்டிமார் விளக்கெண்ணெய் தடவிய வெற்றிலையை வயிற்றில் போடுவர், உரைமருந்து புகட்டுவர். பிற குழந்தைகளின் வாயுவுக்கு வெற்றிலையால் கெடுதல் ஒன்றும் இல்லை. இங்கே அதனால் ஓர் இரவு கைவிட்டுப் போகிறது. இந்தக் குழந்தையின் வாயில் உரைமருந்தோ, வசம்போ, சர்க்கரைத் தண்ணீரோ படவே கூடாது. பச்சை வாந்தி எடுத்தால் அந்த மணியே 108ஐ அழைத்து, என்.இ.சி. இருந்த குழந்தை என்று முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். சாயம் செலுத்திய எக்ஸ்ரேயில் குறுகிய இடம் தெரியும். அதை வெட்டி இணைத்தால் பெரும்பாலான குழந்தைகள் வழக்கம்போல் பால் குடிக்கத் தொடங்குகின்றன.