கார் பில்லில் கூடுதலாக ஒரு 12,000 ரூபாய்

வரிகள் எல்லாம் சேர்த்து 12 லட்சம் ரூபாய் விலையுள்ள காரை ஒருவர் 2025 மே 5 அன்று மொத்தப் பணமும் கொடுத்து வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஷோரூம் அவரிடம் 12,12,000 ரூபாய் கேட்கும். கூடுதலாகக் கேட்கும் 12,000 ரூபாய்க்குப் பெயர் டி.சி.எஸ். அதாவது, விற்கும் இடத்திலேயே வாங்குபவரிடமிருந்து வசூலிக்கப்படும் வருமான வரி.

10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வாகனங்களுக்கு இந்தியாவில் 2016 ஜூன் 1 முதல் இந்த வசூல் நடக்கிறது. விகிதம் ஒரு சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும் அது கணக்கிடப்படும். பெரிய தொகையைச் செலவழிப்பவர் யார் என்பது வருமான வரித்துறைக்குத் தெரிய இது ஒரு வழி.

இந்தப் பணம் ஷோரூமின் வங்கிக் கணக்கில்தான் வந்து விழுகிறது. ஆனால் அது ஷோரூமுக்குச் சொந்தமில்லை. அதனால் கணக்காளர் 12 லட்சத்தை விற்பனையாகவும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யாகவும் பிரித்து எழுதிவிட்டு, 12,000 ரூபாயை ‘செலுத்த வேண்டிய டி.சி.எஸ்.’ என்ற தனிக் கணக்கில் வரவு வைப்பார். இருப்புநிலைக் குறிப்பில் அது கடன்களின் பக்கம் நிற்கும். லாப நட்டக் கணக்கை அது தொடுவதே இல்லை. அரசுக்குச் செலுத்திய அன்று அந்தக் கணக்கு பூஜ்யமாகிவிடும்.

மே மாத வசூலைச் செலுத்தக் கடைசி நாள் ஜூன் 7. வங்கியில் இருப்பு தெரிகிறதே என்று இந்தப் பணத்தையும் சேர்த்து எடுத்துச் சம்பளமோ வாடகையோ கொடுத்துவிடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அப்படி ஜூன் 10 வரை தாமதமானால் மூன்று நாள் வட்டியோடு போகாது. வசூலித்த நாளிலிருந்து மாதத்துக்கு ஒரு சதவீதம். மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகவே எண்ணப்படும். ஆக, இரண்டு மாத வட்டி 240 ரூபாய். தொகை சிறிதுதான். ஆனால் மாதம் நூறு கார் விற்கும் இடத்தில் இதுவே 24,000 ரூபாய். மாத முடிவில் அந்தக் கணக்கில் நிற்கும் இருப்பும் அந்த மாதம் வசூலித்த தொகையும் ஒத்துப்போகாவிட்டால், பழைய பாக்கி ஏதோ செலுத்தப்படாமல் இருக்கிறது என்று பொருள்.

பணம் கட்டினால் மட்டும் போதாது. யாரிடம் எவ்வளவு வசூலித்தோம் என்பதை, அவரவர் பான் எண்ணோடு, காலாண்டு அறிக்கையில் தர வேண்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான வசூலுக்குக் கெடு ஜூலை 15. அதில் பான் எண் தவறினால், கட்டிய வரி வாங்கியவரின் பெயரில் ஏறாது.

வாங்கியவருக்கு இந்த 12,000 ரூபாய் நஷ்டமில்லை. அவர் கட்ட வேண்டிய வருமான வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம்; வரியே இல்லை என்றால் திரும்பப் பெறலாம். ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்து கேட்டால்தான் கிடைக்கும். அதற்கு முன் 26ஏஎஸ் படிவத்தில் அந்தத் தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பில்லோடு ஷோரூமுக்குப் போய், அறிக்கையைத் திருத்தித் தரச் சொல்லுங்கள்.